பல்லுக்கும் கூச்சம் வரும்

போன ஆகஸ்ட் மாசம், ஒரு சனிக்கிழமை மதியம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட்ல ஆலங்குடி பஸ்ஸுக்காக நின்னுட்டு இருந்தேன். வெயில் மண்டையப் பொளந்துச்சு. வழக்கம்போல ஒரு எலுமிச்சை சோடா வாங்கினேன், ஐஸ் போட்டு. முதல் மடக்கு உள்ள போச்சு. அடுத்த நொடி, மேல் வரிசையில இடது பக்கம், கோரைப்பல்லுக்குப் பக்கத்துல யாரோ ஊசியால குத்தின மாதிரி ஒரு வலி. கண்ணு தன்னால மூடிக்கிச்சு. கடைக்கார அண்ணன் "என்ன தம்பி, புளிப்பு தூக்கலா?"ன்னு கேட்டார். "இல்லண்ணே"ன்னு சொல்றதுக்குள்ள வலி போயிடுச்சு. வந்ததும் தெரியல, போனதும் தெரியல.

ஒண்ணும் இல்லன்னு நினைச்சு ரெண்டாவது மடக்கு குடிச்சேன். அதே இடம், அதே ஊசி. மீதி சோடாவ அப்படியே வச்சுட்டு பஸ் ஏறிட்டேன்.

நான் முழுக்க இங்கிலீஷ் மீடியம். இதை 'சென்சிட்டிவிட்டி'ன்னுதான் எனக்குத் தெரியும். எங்க வீட்ல 'பல் கூச்சம்'னு சொல்லுவாங்க. கூச்சம்னா வெட்கம்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இப்ப யோசிச்சா, என் விஷயத்துல ரெண்டு அர்த்தமும் சரியாத்தான் இருந்திருக்கு. ஏன்னா இந்த வலி வந்ததுக்கும், அதை அஞ்சு மாசம் யார்கிட்டயும் சொல்லாம மறைச்சதுக்கும் ஒரே காரணம்தான். அதைக் கடைசி வரைக்கும் மறைக்காம இங்க எழுதிடுறேன்.

அஞ்சு மாசம் எப்படி ஓட்டினேன்னு கேட்டா, தந்திரத்துலதான். ஹாஸ்டல்ல வாட்டர் கூலர் பக்கமே போகல. ஐஸ்கிரீம் கொடுத்தா 'சளி'ன்னு சொன்னேன். தண்ணிய வாயோட வலது பக்கமாவே ஊத்திக் குடிக்கப் பழகினேன். காலையில பிரஷ் பண்ணும்போது அந்த ரெண்டு மூணு பல்லை மட்டும் தொடாம விட்டேன். ரூம்மேட்கிட்ட மட்டும் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். அவன் உடனே டாக்டர் ஆயிட்டான். "நரம்பு செத்துக்கிட்டு இருக்கு மச்சான். ரூட் கேனால்தான். மேல கேப் போடணும். அஞ்சாறாயிரம் ஆகும்." என் கையில இருந்தது ப்ராஜெக்டுக்கு பம்பும் சென்சாரும் வாங்க வச்சிருந்த நாலாயிரம். அதனால டாக்டர்கிட்ட போகாம இருக்கிறதுக்கு எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைச்சுடுச்சு.

செப்டம்பர்ல ஒரு கம்பெனி இன்டர்வியூ. ஏசி ரூம். எதிர்ல மூணு பேர். பதட்டமா இருக்கேன்னு பார்த்து ஒருத்தர் தண்ணி கொடுத்தார். ஃப்ரிட்ஜ் தண்ணின்னு கிளாஸைத் தொட்டதும் தெரிஞ்சுது. மரியாதைக்கு ஒரு மடக்கு குடிச்சேன். 'உங்க ப்ராஜெக்ட் பத்தி சொல்லுங்க'ன்னு அவர் கேட்டதும், நான் கண்ணை இறுக்கி மூடி முகத்தைச் சுளிச்சதும் ஒரே நேரத்துல நடந்துச்சு. வேலை கிடைக்காம போனது அதனால இல்ல, ரெண்டு கேள்விக்கு எனக்கு பதில் தெரியல, அவ்வளவுதான். ஆனா அந்த ரூம்ல நான் வாயை நல்லா திறந்து பேசவே இல்லைன்றது மட்டும் நிஜம்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனப்பதான் மாட்டிக்கிட்டேன். எங்க ஊர் ஆலங்குடி பக்கம். கரும்பு கட்டுக்கட்டா கிடக்கு. எல்லாரும் பல்லால உரிச்சுக் கடிக்கிறாங்க. நான் மட்டும் கத்திய எடுத்து சின்னச் சின்னத் துண்டா நறுக்கி, வலது பக்கமா போட்டு மென்னுக்கிட்டு இருந்தேன். திண்ணையில உக்காந்து அப்பத்தாவும் அதே மாதிரி துண்டு போட்டுத்தான் தின்னுச்சு. அது எழுபத்தி மூணு வயசு. அதுக்கு ஒரு நியாயம் இருக்கு.

"ஏன்டா அப்பு, கரும்பக் கடிக்க மாட்டியா?"

"சும்மாதான் அப்பத்தா."

அது என்னை ஒரு நிமிஷம் பார்த்துச்சு. "உனக்கும் கூசுதா?"

அந்த 'உனக்கும்'ல இருந்த 'உம்' எனக்கு அப்பத்தான் உறைச்சுது. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து அப்பத்தா பானைத் தண்ணி குடிக்காது. சுட வச்ச தண்ணிய ஆற வச்சுத்தான் குடிக்கும். மோர்ல ஐஸ் போட்டா திட்டும். நாங்க அதையெல்லாம் 'அது குணம் அப்படி'ன்னு நினைச்சு கிண்டல்தான் பண்ணியிருக்கோம். நான் அஞ்சு மாசமா பண்ற அதே தந்திரத்தை அது பல வருஷமா பண்ணிக்கிட்டு இருந்திருக்கு.

புதுக்கோட்டையில 2023 நவம்பர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. காசு கவலை இல்லாம காட்டலாம். பொங்கல் லீவு முடிஞ்ச மறுநாள் நானும் அப்பத்தாவும் பஸ் ஏறிப் போய் சீட்டு போட்டோம்.

எங்களைப் பார்த்த டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாங்க. "வலி எவ்வளவு நேரம் இருக்கு தம்பி? தண்ணிய முழுங்கினதும் போயிடுதா, இல்ல நின்னு வலிக்குதா?" உடனே போயிடுதுன்னு சொன்னேன். "சூடா குடிச்சா?" இல்லை. "ராத்திரி தூக்கத்துல தானா வலிச்சு எழுப்புதா?" இல்லை. "கடிச்சு விடும்போது சுருக்குன்னு இருக்கா?" அதுவும் இல்லை. அவங்க முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுது. ஏன் அந்தக் கேள்விகள்னு பின்னாடிதான் புரிஞ்சுது. குளிர்ச்சி பட்டதும் வந்து, அது விலகினதும் சில நொடிகள்ல போயிடுற வலி கூச்சம். குளிர்ச்சி போன பிறகும் நிமிஷக்கணக்கா நிக்கிறது, சூட்டுக்கு அதிகமாகுறது, தானா வர்றது இதெல்லாம் பல்லுக்குள்ள இருக்கிற உயிர்த்திசு புண்ணாகிடுச்சுன்றதுக்கு அடையாளம். கடிச்சு விடும்போது வர்றது பல்லுல விரிசலா இருக்கலாம்.

அப்புறம் சின்ன ஊசி மாதிரி ஒரு கருவியால ஒவ்வொரு பல்லோட கழுத்தையும் மெதுவா வருடினாங்க. பக்கத்துப் பல்லையெல்லாம் பஞ்சாலயும் விரலாலயும் மூடிட்டு, ஒரே ஒரு பல்லு மேல ஒரு நொடி காத்து அடிச்சாங்க. நாலாவது பல்லுல நான் நாற்காலியில துள்ளினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாங்க. சொத்தை இல்ல, விரிசல் இல்ல. கூச்சம்னு தனியா காட்டுற டெஸ்ட் எதுவும் கிடையாதாம். மத்த காரணமெல்லாம் இல்லைன்னு ஒவ்வொண்ணா விலக்கின பிறகுதான் அந்தப் பேரை வைப்பாங்களாம். என் ரூம்மேட் ஒரே நொடியில முடிவு பண்ணினது நினைவுக்கு வந்துச்சு.

"மேடம், வெறும் காத்துதானே அடிச்சீங்க? அது எப்படி இப்படி வலிக்குது?"ன்னு கேட்டேன். நான் மெக்கானிக்கல்னு சொன்னதும் அவங்க சிரிச்சாங்க. "அப்போ உங்களுக்கு இது ஈஸியா புரியும்"னு ஒரு பேப்பர்ல படம் போட்டாங்க.

அந்தப் படத்தை என் பாணியில சொல்றேன். எங்க பக்கத்துல பழைய வீடெல்லாம் செம்புராங்கல்லுல கட்டினது. கல்லு முழுக்கப் பொத்தலா இருக்கும். மேல சுண்ணாம்புப் பூச்சு இருக்கிற வரைக்கும் பொத்தல் தெரியாது, பூச்சு உதிர்ந்தா தெரியும். பல்லும் அப்படித்தான். மேல தெரியிற வெள்ளைப் பூச்சுதான் எனாமல். நம்ம உடம்புலயே ரொம்பக் கெட்டியான பொருள். எடையில 96 சதவீதம் தாதுதான். அதுல நரம்பு கிடையாது, அதனால வலியும் தெரியாது. அதுக்கு அடியில இருக்கிறது டென்டின். இதுதான் செம்புராங்கல். ஆனா இதோட ஓட்டைகள் தாறுமாறா இருக்காது. வெளியில இருந்து பல்லோட நடுவுல இருக்கிற நரம்பு அறை வரைக்கும் வரிசையா போற நுண்குழாய்கள். ஒரு சதுர மில்லிமீட்டர்ல இருபதாயிரத்துக்கு மேல இருக்கும். ஒவ்வொண்ணோட விட்டமும் சுமார் 1 மைக்ரான். உள்ள போகப் போக கொஞ்சம் அகலமாகும்.

இந்தக் குழாய்கள் காலியா இல்ல. உள்ள ஒரு திரவம் நிரம்பி இருக்கு. நரம்போட நுனி வெளி முனை வரைக்கும் வராது, உள் பக்கத்துல கொஞ்ச தூரம்தான் எட்டிப் பார்க்கும். அப்போ வெளியில பட்ட குளிர்ச்சி உள்ள இருக்கிற நரம்புக்கு எப்படி அவ்வளவு வேகமா தெரியுது? அந்தத் திரவம்தான் தூது போகுது. குளிர்ச்சி பட்டா திரவம் சுருங்கி சட்டுனு வெளிப் பக்கமா நகருது. அந்த ஓட்டம் உள்ள இருக்கிற நரம்பு நுனிய இழுக்குது. நாம அதை ஊசிக் குத்தலா உணர்றோம். காத்து அடிச்சா திரவம் ஆவியாகி வெளிய இழுபடுது. கரும்புச் சாறு மாதிரி இனிப்பு பட்டா சவ்வூடு பரவல்ல வெளிய இழுபடுது. சூடு பட்டா திரவம் உள் பக்கமா தள்ளப்படும். ஆனா நரம்பு, வெளியே போற ஓட்டத்துக்குத்தான் அதிகமா கத்தும். அதனாலதான் கூச்சம் இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு காபி பிரச்சினை இல்ல, சோடாதான் பிரச்சினை.

திரவ ஓட்டம்தான் காரணமா இருக்கும்னு 1900லயே ஆல்ஃபிரட் ஜிசி எழுதியிருக்கார். 1960கள்ல ஸ்வீடன்காரர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் அதை நிரூபிக்க பல சோதனைகள் பண்ணினார். அதுல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. திறந்து கிடக்கிற டென்டின் மேல காஞ்ச உறிஞ்சுதாளை வச்சார். குளிர்ச்சியும் இல்ல, புளிப்பும் இல்ல, வெறும் தாள். வலிச்சுது. தாள் திரவத்தை உறிஞ்சினதே போதுமானதா இருந்துச்சு.

இது வரைக்கும் வந்ததும் எனக்கு மூணாவது செமஸ்டர் ஞாபகம் வந்துடுச்சு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நாம எல்லாரும் மனப்பாடம் பண்ணி எழுதின ஹேகன்-பாய்ஸ்யூல் சமன்பாடு:

Q = πΔP r⁴ / 8μL

குழாய்ல போற ஓட்டம் ஆரத்தோட நாலாவது அடுக்குக்கு ஏத்த மாதிரி மாறும். ஆரம் ரெண்டு மடங்கானா ஓட்டம் 16 மடங்கு. 1987ல அப்சி, ஆடி, ஆடம்ஸ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் கூசுற பல்லையும் கூசாத பல்லையும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வச்சு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. கூசுற பல்லுல திறந்த குழாய்களோட எண்ணிக்கை சுமார் எட்டு மடங்கு, விட்டம் சுமார் ரெண்டு மடங்கு. கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு குழாய்ல 16 மடங்கு ஓட்டம், அது மாதிரி எட்டு மடங்கு குழாய். மொத்தம் 128 மடங்கு. பரீட்சைக்கு மட்டும்னு நான் நினைச்ச சமன்பாடு என் வாய்க்குள்ளயே ஓடிக்கிட்டு இருந்திருக்கு. இதுலயே வைத்தியமும் ஒளிஞ்சிருக்கு. குழாயை முழுசா அடைக்க முடியலைன்னாலும் பரவாயில்ல, விட்டத்தைப் பாதியா குறைச்சாலே ஓட்டம் பதினாறுல ஒரு பங்கா குறைஞ்சிடும்.

சரி, பூச்சு எப்படி உதிர்ந்துச்சு?

டாக்டரம்மா கண்ணாடியைக் கையில கொடுத்து என் பல்லைக் காட்டினாங்க. ஈறை ஒட்டின இடத்துல, நாலு பல்லுல, ஆப்பு வச்ச மாதிரி சின்னப் பள்ளம். ஓரம் பளபளன்னு மஞ்சளா இருந்துச்சு. "பல்லை எதை வச்சுத் தேய்ச்சீங்க தம்பி? உண்மைய சொல்லுங்க."

அப்பத்தா பக்கத்துல உக்காந்திருந்துச்சு. ஆனாலும் சொல்லிட்டேன். பிளேஸ்மென்ட் சீசன் வர்றதுக்கு முன்னாடி, போன மே மாசம், என் போட்டோவைப் பார்த்து ஒருத்தன் "பல்லு ஏன்டா இவ்வளவு மஞ்சளா இருக்கு"ன்னு சிரிச்சான். அன்னைக்கு ராத்திரி ஒரு வீடியோ பார்த்தேன். எலுமிச்சம்பழத் தோலை உப்புல தொட்டு ரெண்டு நிமிஷம் பல்லுல தேய்க்கணும், ஒரு மாசத்துல முத்து மாதிரி ஆயிடும். நான் ரெண்டரை மாசம் தேய்ச்சேன். அது போதாதுன்னு, புளிப்பு பல்லுல தங்கிடக்கூடாதுன்னு, உடனே ஹார்டு பிரஷ் எடுத்து பக்கவாட்டுல ரம்பம் அறுக்கிற மாதிரி அழுத்தித் தேய்ப்பேன். இதுல தினமும் ஒரு எலுமிச்சை சோடா வேற.

அவங்க திட்டல. பொறுமையா சொன்னாங்க. எனாமல்ல இருக்கிற தாது சுமார் pH 5.5க்குக் கீழ போனா கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாறு pH 2 முதல் 2.5 வரைக்கும். சாறு பட்ட எனாமலோட மேல் அடுக்கு கொஞ்ச நேரத்துக்கு மெதுவா ஆயிடும். அப்படியே விட்டா எச்சில் அந்த அமிலத்தை மெல்ல மெல்ல முறிச்சு, கொஞ்சம் தாதுவைத் திரும்பக் கொடுக்கும். ஆனா நான் அது மெதுவா இருக்கிற அந்த நேரம் பார்த்து உப்பையும் ஹார்டு பிரஷையும் வச்சுத் தேய்ச்சேன். எது பாதுகாப்புன்னு நினைச்சேனோ அதுதான் பூச்சை எடுத்துக்கிட்டுப் போச்சு. அதுவும் பல்லோட நுனியில எனாமல் 2 மில்லிமீட்டருக்கு மேல தடிமன் இருக்கும், ஈறு பக்கம் வர வர மெலிஞ்சு ஒண்ணும் இல்லாம முடியும். அதனாலதான் முதல் அடி கழுத்துல விழுந்துச்சு. தேய்ச்ச அழுத்தத்துல ஈறும் கொஞ்சம் மேல ஏறிப் போயிருந்துச்சு. நான் வலது கைக்காரன், அதனால அழுத்தம் இடது பக்கம் அதிகம். வலி இடது பக்கம் ஆரம்பிச்சதுக்கும் அதுதான் காரணம்.

கடைசியா ஒண்ணு சொன்னாங்க, அதை என்னால மறக்க முடியல. டென்டினோட இயற்கையான நிறமே மஞ்சள். எனாமல் கொஞ்சம் கண்ணாடி மாதிரி, அடியில இருக்கிற நிறம் அது வழியா தெரியும். எனாமல் மெலிஞ்சா பல்லு இன்னும் மஞ்சளாத்தான் தெரியும். அதாவது வெள்ளையாகணும்னு நான் தேய்ச்ச ஒவ்வொரு நாளும் என் பல்லை மஞ்சளாக்கிக்கிட்டு இருந்திருக்கேன். எனாமலை உண்டாக்கின செல்கள் பல்லு முளைச்சதோட போயிடும், அதனால போன எனாமல் திரும்ப வளராது. இருபத்தியோரு வயசுல அந்த வாக்கியத்தைக் கேட்கிறது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

அடுத்து அப்பத்தா. அதோட பல்லு மேல் பாகம் என்னுதை விட நல்லா இருந்துச்சு. பிரச்சினை ஈறுல. பல பல்லுல ஈறு கீழ இறங்கி வேர் வெளிய தெரிஞ்சுது. பல்லு நீளமா ஆன மாதிரி இருக்கும், நாங்க அதையும் வயசுன்னு நினைச்சிருந்தோம். சின்ன வயசுல இருந்து செங்கல் பொடி, அப்புறம் அடுப்புக்கரி, ஆள்காட்டி விரலால அழுத்தித் தேய்ச்சே பழக்கம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல காரை படிஞ்சு, ஈறு வீங்கி, அடியில இருக்கிற எலும்பும் கரைஞ்சிருந்துச்சு. வேருக்கு மேல எனாமலே கிடையாது. சிமென்டம்னு ஒரு மெல்லிய படலம்தான், ஈறு பக்கத்துல அது பல இடத்துல தலைமுடி தடிமன்கூட இருக்காது. ஈறு மூடி இருக்கிற வரைக்கும் அது போதும். ஈறு விலகினா தினசரி தேய்ப்புலயே அது போயிடும், அடியில குழாய்கள் திறந்துடும். வேர் கரையிறதுக்கு எலுமிச்சை அளவுக்குப் புளிப்புகூட வேண்டாம், pH 6க்கு மேலயே ஆரம்பிச்சிடும். நான் பூச்சைச் சுரண்டினேன், அப்பத்தாவுக்குப் பூச்சே இல்லாத சுவர் வெளிய வந்துடுச்சு. போன வழி வேற, சேர்ந்த இடம் ஒண்ணு.

அப்பத்தாகிட்டயும் அதே கேள்வி கேட்டாங்க. வலி நின்னு வலிக்குதா? "எல்லாப் பல்லும் சுருக்குன்னுட்டுப் போயிரும்மா. கீழ வலது பக்கம் மட்டும் விடாது. காப்பி குடிச்சா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்குவேன்." நான் திரும்பிப் பார்த்தேன். எத்தனை நாளான்னு டாக்டர் கேட்டாங்க. "போன ஆடியில இருந்து."

ஆறு மாசம். பக்கத்து அறையில தூங்கின எங்க யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரேயில அந்தப் பல்லோட வேர்ல சொத்தை உள்ள வரைக்கும் போயிருந்துச்சு, சுத்தி எலும்பும் பெருசா இல்லை. பல்லு விரல் தொட்டாலே ஆடுச்சு. ரூட் கேனால் பண்ணினாலும் நிக்காது, எடுத்துடறதுதான் நல்லதுன்னு சொன்னாங்க. சுகர், பிரஷர் எல்லாம் பார்த்துட்டு அடுத்த வாரம் எடுத்தாங்க. "பல்லு கூசுதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா"ன்னு தான் சொல்லாம இருந்ததுக்குக் காரணம் சொல்லுச்சு அப்பத்தா. கூச்சம்ன்ற ஒரே சொல்லுக்குள்ள, சுருக்குன்னு போறதையும் விண்ணு விண்ணுன்னு நிக்கிறதையும் சேர்த்துப் போட்டு வச்சிருந்துச்சு. முதல்லயே வந்திருந்தா அந்தப் பல்லு பிழைச்சிருக்கலாம்.

இப்ப வைத்தியம். என் நாலு பள்ளத்துல ரெண்டு ஆழமானதை கிளாஸ் அயனோமர்னு ஒரு சிமென்ட் வச்சு அடைச்சாங்க. பாத்ரூம் ஓட்டைய அடைக்கிற மாதிரி அரை மணி நேர வேலை, ஊசிகூடப் போடல. மத்த பல்லுக்கும் அப்பத்தாவோட வேர்களுக்கும் ஃப்ளூரைடு வார்னிஷ் தடவினாங்க. அப்பத்தாவுக்கு காரை எடுத்து சுத்தம் பண்ணினாங்க. எடுத்த பிறகு சில நாள் கூச்சம் கூடும், பயப்படாதீங்கன்னு முன்கூட்டியே சொன்னது நல்லதாப் போச்சு, இல்லைன்னா அப்பத்தா மறுபடி வந்திருக்காது.

வீட்டுக்குக் கூச்சத்துக்கான பேஸ்ட் எழுதிக் கொடுத்தாங்க. இதுல ரெண்டு வகை வேலை இருக்கு. பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிற பேஸ்ட் குழாயை அடைக்காது. பொட்டாசியம் மெல்ல மெல்ல உள்ள போய் நரம்பு நுனியைச் சுத்திச் சேர்ந்து, அது சிக்னல் அனுப்புறதைக் குறைக்கும். ஸ்டானஸ் ஃப்ளூரைடு, ஆர்ஜினின் மாதிரி பொருள் இருக்கிற பேஸ்ட் குழாயோட வாயை அடைக்கும், நம்ம r⁴ கணக்கு இங்கதான் வேலை செய்யுது. எதுவா இருந்தாலும் ரெண்டு நாள்ல பலன் தெரியாது. தினம் ரெண்டு வேளை, குறைஞ்சது நாலு வாரம் விடாம தேய்க்கணும். நிறுத்தினா திரும்ப வரும். தேய்ச்ச பிறகு துப்பிட்டு, தண்ணி ஊத்தி நிறைய கொப்பளிக்காம விடணும், இல்லைன்னா மருந்து முழுக்க வாஷ் பேசினுக்குத்தான் போகும். நான் மூணாவது நாளே "ஒண்ணும் ஆகல"ன்னு அலுத்துக்கிட்டேன். நாலாவது வாரம்தான் குழாய்த் தண்ணிய இடது பக்கம் விட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டேன்.

பழக்கத்துல மாத்தினது மூணே மூணு. ஹார்டு பிரஷைத் தூக்கிப் போட்டு சாஃப்ட் பிரஷ் வாங்கினேன், அதைப் பேனா பிடிக்கிற மாதிரி விரல் நுனியில பிடிச்சுத் தேய்க்கிறேன், முஷ்டியில பிடிச்சாத்தான் அழுத்தம் வரும். புளிப்பு ஏதாவது சாப்பிட்டா வெறும் தண்ணியில வாயைக் கொப்பளிச்சுட்டு, அரை மணி நேரத்துக்காவது பிரஷைத் தொடறதில்ல. எலுமிச்சை சோடாவை தினமும்ன்றதுல இருந்து எப்பவாவதுன்னு ஆக்கிட்டேன். குடிச்சாலும் அரை மணி நேரம் வச்சு உறிஞ்சாம, ஒரே மூச்சுல குடிச்சு முடிச்சிடறேன். எவ்வளவு குடிச்சோம்ன்றதை விட, பல்லு எவ்வளவு நேரம் புளிப்புல ஊறுச்சுன்றதுதான் கணக்கு.

முழுசா சரியாயிடுச்சான்னு கேட்டா, இல்லை. அடைக்காத ஒரு பல்லுல ஐஸ் தண்ணி பட்டா இன்னும் லேசா கூசும். இறங்கின ஈறு தானா மேல வராது, தேவைப்பட்டா வேற இடத்துல இருந்து ஈறு எடுத்து ஒட்டுற சின்ன ஆபரேஷன் இருக்காம். அப்பத்தாவுக்கு அது வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க. அதோட அடுப்புக்கரி டப்பாவை நான்தான் குப்பையில போட்டேன். ரெண்டு நாள் என்கிட்டப் பேசல.

ப்ராஜெக்ட் காசு நாலாயிரம் அப்படியே இருந்துச்சு. பம்ப் வாங்கிட்டேன்.

போன வாரம் லீவுக்குப் போனப்ப, அப்பத்தாவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னோம். ஒரு பன்னீர் சோடா வாங்கினேன், ஐஸ் இல்லாம. அப்பத்தா எட்டி அந்த பாட்டிலை வாங்கி, முதல்ல ஒரு சொட்டு மாதிரி வாயில விட்டுப் பார்த்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு ஊசிக்காகக் காத்திருந்துச்சு. அப்புறம் கண்ணைத் திறந்து இன்னொரு மடக்கு குடிச்சுச்சு.

"கூசுதா அப்பத்தா?"

"இல்லடா. ஆனா ரொம்ப இனிக்குது."

பாதி பாட்டில் காலியாகி என் கைக்கு வந்துச்சு. நான் குடிச்சு முடிச்சதும் ரெண்டு பேரும் குழாயடியில வாயைக் கொப்பளிச்சுட்டு ஆலங்குடி பஸ் ஏறினோம்.